எக்ஸிட் இன்டர்வியூ: ஃபார்ம் அனுப்புறதா, நேர்ல பேசுறதா, மூணு மாசம் கழிச்சு போன் காலா?

வேலையை விட்டுப் போறவங்ககிட்ட காரணம் கேக்க பொதுவா மூணு வழி இருக்கு. ஆன்லைன் ஃபார்ம் அனுப்பலாம், கடைசி வாரத்துல எச்ஆர் உக்காந்து பேசலாம், இல்லன்னா போய் மூணு மாசம் ஆனப்புறம் போன் பண்ணலாம். மூணுலயும் ஒரே ஆள் வேற வேற பதில் சொல்வாங்க, அதான் இதுல பாக்க வேண்டியது.

ஃபார்ம் ஈஸி, எல்லாரையும் ஒரே கேள்வி கேக்கலாம், எண்ணிப் பாக்கலாம். ஆனா "விலகும் காரணம்" லிஸ்ட்ல "நல்ல வாய்ப்பு"னு ஒரு ஆப்ஷன் இருந்தா நிறைய பேர் அதைத் தட்டிட்டுப் போயிடுவாங்க, ஏன்னா அது யாரையும் புண்படுத்தாது. எந்த டீம், எவ்வளவு நாள் வேலை பாத்தாங்க, எந்த ஷிஃப்ட்னு கணக்கு எடுக்க மட்டும் ஃபார்ம் போதும், காரணம் தேட அதை நம்பாதீங்க.

நேர்ல பேசுறது அதைவிட நல்லது, ஆனா செட்டில்மென்ட் இன்னும் வரல, நாளைக்கு ரெஃபரன்ஸ் வேணும், இந்த நேரத்துல யாரு மனசு விட்டுப் பேசுவாங்க? நேரடி மேனேஜரே பேசினா இன்னும் மோசம், அவர்தான் காரணம்னா அவர் முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது. மேனேஜருக்கு மேல இருக்கறவர் பேசினா கொஞ்சம் வாய் திறப்பாங்க, அவர் கையில மாத்துற அதிகாரமும் இருக்கும்.

கேள்வியும் முக்கியம். "ஏன் போறீங்க"ன்னு கேட்டா புது கம்பெனி சம்பளத்தைப் பத்திதான் பதில் வரும், அது அவங்களை அங்க இழுத்த விஷயம். நமக்குத் தெரிய வேண்டியது இங்கேர்ந்து தள்ளின விஷயம். "முதல்முதலா வேற வேலை தேடணும்னு எப்போ தோணுச்சு, அப்போ என்ன நடந்துட்டு இருந்துச்சு"ன்னு கேளுங்க, கேட்டுட்டு அமைதியா இருங்க, நடுவுல சமாதானம் சொல்லாதீங்க.

மூணாவது வழியில நிறைய பேர் போனே எடுக்க மாட்டாங்க, எடுக்கறவங்க சிலருக்கு விவரம் மறந்திருக்கும். ஆனாலும் பயம் போயிருக்கும், புது இடத்தோட ஒப்பிட்டும் பேசுவாங்க. அதனால என்னோட சாய்ஸ்: கடைசி வாரத்துல மேனேஜருக்கு மேல இருக்கறவர் அரை மணி நேரம் பேசட்டும், அப்பவே "அப்புறம் போன் பண்ணலாமா"ன்னு அனுமதி வாங்கிட்டு, பின்னாடி அந்த டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் கூப்பிடட்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். 20 பேர் இருக்கற சப்போர்ட் டீம்ல ஆறு மாசத்துல அஞ்சு பேர் போயிட்டாங்கன்னு வைங்க. ஃபார்ம்ல நாலு பேர் சம்பளம்னு போட்டிருக்காங்க. போன்ல மூணு பேர் கிடைச்சாங்க, மூணு பேரும் சொன்னது ஷிஃப்ட் ரோஸ்டர் முந்தின நாள் ராத்திரிதான் வருது, வீட்டுல எதையும் பிளான் பண்ண முடியலன்னு. ஃபார்மை மட்டும் பாத்திருந்தா எல்லாருக்கும் சம்பளம் ஏத்தியிருப்பாங்க, பணமும் போயிருக்கும் ஆளுங்களும் போயிருப்பாங்க.

இப்பவும் உடனே ஆக்‌ஷன் எடுத்துடாதீங்க, போனவங்க பேச்சு பாதிக் கதைதான். இருக்கற 15 பேர்ல சிலர்கிட்ட "எதை மாத்தினா இங்க இருக்கறது ஈஸியாகும்"னு, ரோஸ்டர் பேச்சையே எடுக்காம கேளுங்க. அவங்களே ரோஸ்டரைச் சொன்னா சந்தேகம் தீந்துச்சு, யாருமே சொல்லலன்னா இன்னும் தோண்டணும்.

அப்புறம் "வேலைச்சூழலை மேம்படுத்துவோம்"னு ரிப்போர்ட்ல எழுதறதுக்கும், "ரோஸ்டர் 14 நாளுக்கு முன்னாடி வரும், அதுக்கப்புறம் மாத்தணும்னா அந்த ஆளோட சம்மதம் வேணும், இதுக்குப் பொறுப்பு டீம் லீட், அடுத்த மாசம் 1ஆம் தேதிலேர்ந்து"ன்னு எழுதறதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. முதலாவதை யாரும் செக் பண்ண முடியாது. ரெண்டாவதை, எத்தனை ரோஸ்டர் சொன்ன நாள்ல வந்துச்சு, எத்தனை தடவை கடைசி நேரத்துல மாத்தினாங்கன்னு மாசாமாசம் எண்ணிடலாம். ராஜினாமா எண்ணிக்கையை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, 20 பேர் டீம்ல ஒருத்தர் கூடக் குறைய போறது தற்செயலாவும் இருக்கும், ஒரு வருஷமாவது பாத்தாதான் எதாவது சொல்ல முடியும்.

ரகசியம் பத்தியும் சொல்லணும். அந்த மாசம் ஒரே ஆள்தான் போயிருக்காருன்னா பேரை எடுத்துட்டாலும் மேனேஜர் கண்டுபிடிச்சிடுவாரு. அதனால மூணு நாலு பேர் பேச்சைச் சேத்து வெச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை காரணத்தை மட்டும் மேல கொண்டு போங்க. தொல்லை, பாகுபாடு, மோசடி மாதிரி புகார் வந்தா மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது, ஒருத்தர் சொன்னாலே அன்னைக்கே விசாரணைக்குப் போகணும், இதை ரகசியமா வெச்சுக்க முடியாதுன்னு பேச ஆரம்பிக்கும்போதே அவங்ககிட்ட சொல்லிடணும்.