சர்டிபிகேஷன் பாண்டு: முழுத்தொகையா, மாதக் கழிவா, பிறகு திருப்பித் தருவதா?

ஊழியர் எழுதும் சான்றிதழ் தேர்வுக்கும் அதற்கான பயிற்சிக்கும் கம்பெனி பணம் கட்டும். தேறிய பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் ராஜினாமா செய்தால் அந்தப் பணத்தை ஊழியர் திருப்பிக் கட்ட வேண்டும். சர்டிபிகேஷன் பாண்டு என்ற ஒப்பந்தத்தின் சாரம் இவ்வளவுதான். ஆனால் எழுதப்படும் விதத்தைப் பொறுத்து, ஒரே செலவுக்கு ஒருவர் இழக்கும் தொகை மூன்று மடங்குக்கு மேலும் மாறிவிடும். அதனால் நடைமுறையில் இருக்கும் வகைகளை ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

பயிற்சிக்கு 72,000, தேர்வுக்கு 24,000, ஆக மொத்தம் 96,000 செலவு என்று கொள்வோம். பாண்டு காலம் 12 மாதம். ஊழியர் ஜனவரி 15 அன்று தேறுகிறார், ஆகஸ்ட் 1 அன்று ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். நோட்டீஸ் பீரியட் முடிந்து செப்டம்பர் 30 அன்று கடைசியாக வேலைக்கு வருகிறார்.

முதல் வகை முழுத்தொகை. 12 மாதத்துக்குள் எப்போது விலகினாலும் 96,000 கட்ட வேண்டும். மேலே சொன்னவர் எட்டரை மாதம் உழைத்திருந்தாலும் அந்த உழைப்புக்கு ஒரு காசும் கழியாது. பதினோராம் மாதத்தில் போகிறவருக்கும் இதே தொகைதான். ஹெச்.ஆருக்குக் கணக்குப் போடும் வேலை மிச்சம் என்பதைத் தவிர இந்த வகைக்குச் சாதகமாக எதுவும் சொல்வதற்கில்லை. கம்பெனிக்கும் இதனால் பெரிய லாபமில்லை. முடிவு நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, மறுநாளே கடிதம் கொடுப்பார்கள்.

இரண்டாவது மாதக் கழிவு. 96,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 8,000. முடிந்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் அந்தத் தொகை கழியும். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் எந்த நாள் வரை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். கடைசி வேலைநாள் வரை எண்ணினால் 8 முழு மாதம் முடிந்திருக்கும், மீதி 32,000. ராஜினாமா கடிதத் தேதி வரை எண்ணினால் 6 மாதம்தான், மீதி 48,000. நோட்டீஸ் காலத்தில் அவர் வேலை செய்துகொண்டுதான் இருந்தார், அந்தச் சான்றிதழின் பலனும் கம்பெனிக்குத்தான் போனது. அதனால் கடைசி வேலைநாளைக் கணக்கில் எடுப்பதே சரி. பல ஒப்பந்தங்களில் 'விலகும் தேதி' என்று மட்டும் இருக்கும். அது எந்தத் தேதி என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வகையில் ஊழியரே முதலில் கட்டுகிறார், கம்பெனி பிறகு தவணையாகத் திருப்பித் தருகிறது. தேறியதும் பாதி, 6 மாதம் முடிந்ததும் கால் பங்கு, 12 மாதம் முடிந்ததும் மீதிக் கால் பங்கு என்று வைத்தால், நம் ஊழியர் 48,000-மும் 24,000-மும் வாங்கியிருப்பார். அவருக்கு இழப்பு 24,000 மட்டுமே. யாரும் யாருக்கும் கடனாளி இல்லை, இறுதிக் கணக்கில் பிடித்தம் இல்லை, ரிலீவிங் லெட்டரை வைத்துப் பேரம் இல்லை. ஆனால் தோற்றால் முழுச் செலவும் ஊழியர் தலையில் விழும். இடையில் கம்பெனி கொள்கையை மாற்றினால் பாக்கித் தவணை நின்றுபோகலாம். தேர்வுக் கட்டணம் மட்டும் என்றால் இதுவே நல்ல வழி. பல மாதச் சம்பளத்தை விழுங்கும் பயிற்சி என்றால் மாதக் கழிவே பாதுகாப்பு.

செலவோடு தொடர்பில்லாமல் 'விலகினால் 3,00,000' என்று ஒரே எண் போடும் பாண்டும் உண்டு. இது வெறும் அபராதம் என்று சொல்லி நீதிமன்றத்தில் தள்ளிவிட முடியும் எனப் பலர் நம்புகிறார்கள். அது எல்லா இடத்திலும் பலிக்காது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விதி செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி திரும்ப ஆளெடுக்க நீண்ட, செலவு பிடிக்கும் நடைமுறையைக் கடக்க வேண்டும் என்பதை அங்கே கணக்கில் எடுத்தார்கள். ஜெர்மனியில் நிலைமை வேறு. எந்தக் காரணத்துக்காக விலகினாலும் கட்ட வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதிய நிபந்தனையைக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஏற்பதில்லை. பயிற்சிக் காலத்துக்கும் கட்டுப்படும் காலத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கும். ஒரு மாதம் வரையான பயிற்சிக்கு 6 மாதம் என்பது அங்கே பொது அளவுகோல்.

எந்த வகையானாலும், தகராறில் முடிவது பெரும்பாலும் செலவுப் பட்டியல்தான். பயிற்சி நாட்களின் சம்பளத்தையும் சேர்த்து 'மொத்தச் செலவு' என்பார்கள். நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சீனியர் எடுத்த வகுப்புக்கு வெளிச்சந்தை விலை போடுவார்கள். மென்பொருள் நிறுவனங்கள் தங்களோடு கூட்டு வைக்கும் கம்பெனிகளுக்காக நடத்தும் பார்ட்னர் திட்டத்தில் இலவசமாகவோ தள்ளுபடியிலோ கிடைத்த தேர்வு வவுச்சருக்கு முழுக் கட்டணத்தையும் எழுதுவார்கள். அதே பார்ட்னர் திட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சான்றிதழ் பெற்றவர்கள் இருந்தால்தான் கம்பெனியின் தரநிலை நிற்கும். அதாவது நீங்கள் தேறிய நாளிலிருந்தே அவர்களுக்குப் பலன் தொடங்கிவிடுகிறது. ஆகவே 'ரசீது உள்ள, மூன்றாம் தரப்புக்கு உண்மையில் கட்டிய தொகை' என்ற சொற்றொடரை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். திருப்பித் தரவேண்டிய தொகையின் உச்சவரம்பும் எண்ணாகவே எழுதப்படட்டும்.

அடுத்தது பாண்டு காலம். சான்றிதழின் ஆயுளைவிட அது நீளக்கூடாது. சிஸ்கோ, ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்கள் பொதுவாக 3 ஆண்டு செல்லும். மைக்ரோசாஃப்டின் அசோசியேட், எக்ஸ்பர்ட் சான்றிதழ்கள் ஓராண்டுதான், ஆனால் ஆன்லைன் மதிப்பீடு எழுதி இலவசமாகப் புதுப்பிக்கலாம். இலவசப் புதுப்பித்தலுக்கும் 'புதிய சான்றிதழ்' என்று பெயர் சூட்டி 12 மாதத்தை முதலிலிருந்து ஓடவிட்டால், ஊழியர் எந்நாளும் விடுபட மாட்டார். ஆண்டுக்கு இரண்டு தேர்வு எழுதுகிறவருக்கும் இதே கதி. ஒவ்வொரு செலவுக்கும் தனிக் கணக்கு, தனித் தொடக்க நாள், செலவில்லாத புதுப்பித்தலுக்குக் கணக்கே இல்லை என்று எழுத வேண்டும்.

தொடக்க நாள் தேறிய நாளாக இருப்பதும் யோசிக்க வேண்டியது. பயிற்சி மார்ச்சில் முடிந்து, தேர்வுத் தேதி கிடைக்காமல் செப்டம்பரில் எழுதினால் ஆறு மாத உழைப்பு கணக்கில் வராது. பயிற்சி முடிந்த நாள், தேறிய நாள் இரண்டில் எது முந்தியதோ அதை வைத்துக்கொள்வது நியாயம்.

வேலையைச் செய்யச் சட்டமே கட்டாயமாக்கிய பயிற்சி என்றால் பாண்டே எழக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 வழிகாட்டுச் சட்டம், முதலாளி கொடுத்தே ஆகவேண்டிய பயிற்சியை இலவசமாகத் தரவேண்டும், முடிந்தவரை வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும் என்கிறது.

பேச வாய்ப்பிருந்தால் கம்பெனியிடம் நீட்ட ஒரு வாசகம்: 'ஊழியர் தாமாக விலகினால் மட்டும், ரசீது உள்ள வெளிச்செலவில், முடிந்த முழு மாதங்களின் விகிதத் தொகை போக மீதியைத் திருப்பித் தருவார். மாதங்கள் கடைசி வேலைநாள் வரை எண்ணப்படும். ஆட்குறைப்பு, ஒப்பந்த முடிவு, சம்பளம் தராமை, உடல்நலக் காரணம் ஆகியவற்றால் விலகினால் எத்தொகையும் இல்லை.' இதனுடன் அசல் சான்றிதழோ தேதியிடாத காசோலையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். கணக்குத் தகராறானால் பேசுவதற்குக் கையில் எதுவும் மிஞ்சாமல் போவது அங்கேதான். விலகும்போது பிடித்த தொகைக்கும் ரசீது வாங்குங்கள். 'சர்டிபிகேஷன் பாக்கி இல்லை' என்ற வரி இறுதிக் கணக்குத் தாளில் இருக்க வேண்டும்.