ரேஷன் கடையில் இருப்பு சரியாக இருக்கிறது என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

எங்கள் பகுதி ரேஷன் கடையில் போன மாதம் பல கார்டுகளுக்குத் துவரம் பருப்பு கிடைக்கவில்லை. புகார் கொடுத்ததும் அதிகாரி வந்து மாதக் கடைசி இருப்பைச் சோதித்தார். "எல்லாம் சரியா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பார்த்த கணக்கு உண்மையிலேயே சரிதான். ஏமாற்று நடந்தது இருப்பில் அல்ல, விற்பனையில். மற்ற ஊர்களிலும் இதே முறையில் நடக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு என்று எழுதுவார்கள். அந்த மாதம் பருப்புக்கு ஆரம்ப இருப்பு 40 கிலோ, கிடங்கிலிருந்து வரவு 500 கிலோ, விற்பனை 520 கிலோ. மீதி 20 கிலோ இருக்க வேண்டும். எடை போட்டால் 20 கிலோ இருந்தது. கிலோ 30 ரூபாய் வீதம் 15,600 ரூபாயும் சங்கத்தில் கட்டியாகிவிட்டது. சரக்கும் பணமும் பைசா பிசகாமல் ஒத்துப்போனால் சோதனை அதோடு முடிந்துவிடும். அந்த 520 கிலோவும் கார்டுதாரர் பையில்தான் விழுந்ததா என்று பதிவேடு சொல்லாது.

ஒரே தெருவில் 42 வீடுகளில் செல்போனை எடுத்துக் கடையின் குறுஞ்செய்தியைப் பார்த்தோம். 11 வீடுகளில் "துவரம் பருப்பு 1 கிலோ" என்று பில் விழுந்திருந்தது. அந்த 11 வீட்டிலும் பருப்பு வாங்கவே இல்லை. எல்லோருக்கும் நடந்தது ஒன்றுதான். மாத ஆரம்பத்தில் அரிசி வாங்கப் போனபோது கைரேகை வைத்திருக்கிறார்கள். "பருப்பு இன்னும் லோடு வரல, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டு, அதே கைரேகையில் அரிசியோடு பருப்பையும் சேர்த்து பில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போனால், "உங்க கார்டுல ஏற்கெனவே வாங்கினதா காட்டுதே" என்று பதில். அந்த 11 கிலோவுக்கான 330 ரூபாயை விற்பனையாளரே கட்டிவிடுகிறார். வெளிச்சந்தையில் பருப்பு அதைவிடப் பல மடங்கு விலை போவதால் அவருக்கு நட்டமில்லை. விலையில்லா அரிசி என்றால் கட்ட வேண்டிய பணமும் கிடையாது, அதில் இது இன்னும் சுலபம்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விற்பனை இயந்திரத்தில் இருப்பு ஏறாத பொருளுக்கு பில் விழாது. உங்கள் குறுஞ்செய்தியில் பருப்பு இருந்தால், அந்த நேரத்தில் கடையில் பருப்பு இருந்ததாகக் கணக்கு சொல்கிறது என்று அர்த்தம். "லோடு வரல" என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடும். அதனால் கடையை விட்டு நகரும் முன் குறுஞ்செய்தியைத் திறந்து, பையில் இருப்பதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். செய்தியே வரவில்லை என்றால் கார்டில் பழைய நம்பர் இருக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் முதலில் அதை மாற்றுங்கள், பழைய நம்பர் உள்ள கார்டில்தான் இப்படிப் போடுவது எளிது.

விற்பனையாளர் தரப்பிலும் ஒரு உண்மை இருக்கிறது. கிடங்கிலிருந்து 50 கிலோ என்று வரும் மூட்டை, கடையில் எடை போட்டால் சில சமயம் ஒன்றிரண்டு கிலோ குறைகிறது. சோதனையில் குறைவு வந்தால் அபராதம் அவர் தலையில். அதைச் சரிக்கட்டத்தான் பலர் இந்த வழிக்கு வருகிறார்கள். ஆனால் குறைவை மூட்டை இறங்கும்போதே எடை போட்டு எழுதி வாங்க வேண்டும். கார்டுதாரர் பங்கில் கை வைப்பது அதற்கு வழியல்ல.

புகார் கொடுக்கும்போது "பொருள் தரவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். பில் தேதி, நேரம், பொருள், அளவு என்று குறுஞ்செய்தியில் உள்ளபடியே எழுதி, பத்து வீட்டுக்காவது சேர்த்துக் கொடுங்கள். 1967 என்ற எண்ணில் சொல்லலாம், வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்திலும் கொடுங்கள். இருப்பைச் சோதிக்கச் சொல்லாமல், அந்தத் தேதியின் விற்பனைப் பட்டியலை வீடுகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி பொது விநியோகப் பதிவேடுகள் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்.

புகார் போனதும் எங்களுக்கு வந்த சமாதானம் இது: "அடுத்த மாசம் பில் இல்லாம ஒரு கிலோ தந்துடறேன்." அதை வாங்காதீர்கள். பில் இல்லாமல் வரும் அந்தக் கிலோவுக்கும் பதிவேட்டில் கணக்கு காட்டியாக வேண்டும். அது இன்னொரு வீட்டுக் கார்டில் விழும்.