‘டிக்’ என்று வெட்டுவதா, மெல்லப் பிரிவதா? அயர்ன் பாக்ஸ் தெர்மோஸ்டாட் ஓர் ஒப்பீடு

அயர்ன் பாக்ஸ் வாங்கும்போது வாட் பார்ப்போம், எடை பார்ப்போம், நீராவி வருமா என்று கேட்போம். உள்ளே இருப்பது எந்த வகைத் தெர்மோஸ்டாட் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் விற்பவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் பெட்டி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எனவே புழக்கத்தில் உள்ள மூன்று வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மெல்லப் பிரியும் பைமெட்டல், ‘டிக்’ என்று தாவும் பைமெட்டல், எலக்ட்ரானிக் சென்சார்.

முதல் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். வெப்பத்தில் அதிகம் விரியும் உலோகக் கலவை ஒன்று, மிகக் குறைவாக விரியும் இன்னொன்று. இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டி உருட்டிய பட்டைதான் பைமெட்டல். சூடானால் ஒரு பக்கம் மட்டும் நீளப் பார்க்கும், மறுபக்கம் விடாது, பட்டை வளையும். குறைவாக விரியும் பக்கத்துக்கு இரும்பு-நிக்கல் கலவை. 36 சதவீத நிக்கல் கொண்ட இன்வார் கலவையை 1896-இல் கண்டறிந்தவர் ஷார்ல் எடுவார் கியோம். நிக்கல் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வுக்காக 1920-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இன்வார் சுமார் 200 டிகிரியைத் தாண்டினால் அதுவும் மற்ற உலோகம் போல விரியத் தொடங்கிவிடும். பருத்தித் துணிக்கான சூடே அந்த எல்லையில்தான் இருக்கிறது. அதனால் இவ்வளவு சூட்டில் வேலை செய்யும் பட்டைகளுக்கு நிக்கல் இன்னும் சற்று அதிகமுள்ள கலவையை எடுப்பார்கள்.

பட்டை எவ்வளவு வளைகிறது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். 30 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை அடித்தட்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது, மறுமுனை சும்மா நிற்கிறது. வழக்கமான உலோக ஜோடிக்கு இந்த முனை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நகரும். துணி லேபிளில் ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு புள்ளிக்கு 150, மூன்று புள்ளிக்கு 200. ஆக, ஒரு புள்ளியிலிருந்து மூன்று புள்ளிக்குப் போக முனை நகரும் மொத்தத் தூரமே ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது! சூட்டை மாற்ற நாம் சுற்றும் திருகி செய்யும் வேலையும் இந்த அளவுக்குள்தான்.

அந்த முனையில் ஒரு சிறிய பீங்கான் குச்சி இருக்கும். பட்டை அடித்தட்டோடு ஒட்டியிருப்பதால் அதில் மின்சாரம் வரக்கூடாது. காண்டாக்ட் தாங்கிய தகடுகளிலோ முழு மின்னழுத்தமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துவைத்து, தள்ளலை மட்டும் கடத்துவதுதான் குச்சியின் வேலை. பட்டை வளைய வளைய, குச்சி ஒரு ஸ்பிரிங் தகட்டைத் தள்ளும். அந்தத் தகட்டின் நுனியில் உள்ள வெள்ளிக் காண்டாக்ட் எதிர்க் காண்டாக்டை விட்டுப் பிரிந்தால் எலிமெண்டுக்கு மின்சாரம் நிற்கும். வெளியே நாம் சுற்றும் திருகி ஒரு திருகாணியை ஏற்றி இறக்கி, தகட்டுக்கும் குச்சிக்கும் உள்ள இடைவெளியை மாற்றுகிறது. இடைவெளி கூடினால் பட்டை இன்னும் வளைந்தால்தான் தகட்டை எட்டும், அதாவது இன்னும் சூடாக வேண்டும். திருகிக்கு வெப்பம் பற்றி எதுவும் தெரியாது, தூரத்தை மட்டும்தான் மாற்றுகிறது.

சரி, இப்போது இரண்டு பைமெட்டல் வகைகளும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்போம்.

மெல்லப் பிரியும் வகையில் குச்சி காண்டாக்ட் தகட்டை நேரடியாகத் தள்ளும், நடுவில் வேறொன்றும் இல்லை. 1000 வாட் எலிமெண்ட், 700 கிராம் அலுமினிய அடித்தட்டு என்று எடுத்தால் தட்டு வினாடிக்கு ஒன்றரை டிகிரி அளவில் ஏறும். குச்சி வினாடிக்கு 0.015 மில்லிமீட்டர் நகரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும். அந்த 10 மில்லிசெகண்டில் காண்டாக்ட் விலகுவது 0.00015 மில்லிமீட்டர். இதை விலகல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. காண்டாக்ட் பிரியும்போது எழும் மின்பொறி ஒருமுறை அணைந்தாலும் இடைவெளி போதாமல் அடுத்த அரைச்சுற்றில் மறுபடி பிடிக்கலாம், மறுபடி அணையலாம். அந்த நேரத்தில் காதைக் கொடுத்தால் ‘சிர்ர்’ என்ற சத்தம் கேட்கும், விளக்கு நடுங்கும், அருகில் ரேடியோ இருந்தால் அதில் இரைச்சல் வரும். ஒவ்வொரு முறையும் வெள்ளி கொஞ்சம் உருகி, காண்டாக்டில் குழியும் மேடும் விழும்.

ஆனாலும் இந்த வகை ஓடுகிறது என்றால், மாறுதிசை மின்சாரம் தானாகவே பூஜ்யத்தைத் தொட்டு உதவுவதால்தான். நேர்திசை மின்சாரத்தில் அந்த உதவி கிடையாது. பொறி நீண்டு நின்று காண்டாக்டைத் தின்றுவிடும். சில பெட்டிகளில் ‘ஏசி மட்டும்’ என்று எழுதியிருப்பது இதனால்தான்.

தாவும் வகையில் குச்சிக்கும் காண்டாக்டுக்கும் நடுவே வளைந்த நாக்கு போன்ற ஒரு ஸ்பிரிங் உண்டு. தலையில் மாட்டும் டிக்டாக் கிளிப்பை அழுத்திப் பாருங்கள்: ஓரளவு வரை எதிர்க்கும், ஒரு புள்ளியைத் தாண்டியதும் மறுபக்கம் பாயும். அதே வித்தைதான். குச்சி மெல்லத்தான் தள்ளுகிறது, ஆனால் திரும்பும் புள்ளி வந்ததும் ஸ்பிரிங்கில் சேர்ந்த விசை சில மில்லிசெகண்டில் காண்டாக்டைத் தள்ளி நிறுத்திவிடும். பொறி வளர இடமில்லை. மூடும்போதும் அப்படியே, அரைகுறையாகத் தொட்டு நடுங்குவது இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்பிரிங் ஒரு இடத்தில் திறந்து, வேறொரு இடத்தில்தான் மூடும். அந்த இரண்டு இடங்களுக்கும் 0.15 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் அதுவே 15 டிகிரி. உதாரணமாக இரண்டு புள்ளியில் வைத்த பெட்டி 155-இல் வெட்டும், 140-இல் மறுபடி சேர்க்கும். மெல்லப் பிரியும் வகைக்கு இந்த இடைவெளி மிகக் குறைவு. காகிதத்தில் பார்த்தால் அதுதான் துல்லியமானது.

ஆனால் துணிக்கு அந்தத் துல்லியம் போய்ச் சேர்வதில்லை. காரணம், வெப்பம் வந்து சேரும் தாமதம். எலிமெண்ட் குழாய் தட்டைவிட மிகவும் சூடாக இருக்கும். மின்சாரம் நின்ற பிறகும் அதிலிருந்து வெப்பம் தட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பைமெட்டலுக்குச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். குளிர்ந்த நிலையிலிருந்து முதல்முறை ஏறும்போது இந்தத் தாமதம் முழுசாக வெளிப்படும். 155-இல் வெட்டியும் தட்டு 175 வரை போய்த் திரும்பலாம். அடுத்த சுற்றில் இந்த ஏற்றம் குறையும், அதன் பிறகு ஒரே அளவில் ஊசலாடும். எந்த வகையாக இருந்தாலும் முதல் எகிறல் உண்டு. பட்டு, பாலியெஸ்டர் போன்றவற்றுக்கு விளக்கு முதல்முறை அணைந்ததுமே தேய்க்காமல், எரிந்து இரண்டாம்முறை அணையும் வரை பொறுப்பது நல்லது. ஸ்பிரிங் தரும் 15 டிகிரி இந்த ஊசலோடு சேரத்தான் செய்கிறது, ஆனாலும் கனமான தட்டும் ஈரத்துணியும் இருக்கும் இடத்தில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. காண்டாக்டின் ஆயுள் அதைவிட முக்கியம். இரண்டில் ஒன்று என்றால் நான் தாவும் வகையைத்தான் எடுப்பேன்.

எலக்ட்ரானிக் வகையில் தட்டோடு ஒரு தெர்மிஸ்டர் ஒட்டியிருக்கும். சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். சர்க்யூட் அதைப் படித்து ரிலே மூலமோ ட்ரையாக் மூலமோ மின்சாரத்தை வெட்டும். சுழற்சியைச் சுருக்கலாம், தட்டு நெருங்கி வரும்போதே முன்கூட்டி நிறுத்தலாம். ஆனால் எனக்கு இதன் உண்மையான பலன் துல்லியத்தில் இல்லை, மறதிக்குக் கிடைக்கும் காவலில் இருக்கிறது. கவிழ்த்துப் போட்டு அசையாமல் விட்டால் தானாக அணைவது வெறும் பைமெட்டலால் முடியாத காரியம், ஏனென்றால் அதற்குத் தெரிவது சூடு மட்டும்தான். பதிலுக்கு, சூட்டுக்கு ஒத்துவராத ஒரு போர்டைச் சூட்டுப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கிறது. தெர்மோஸ்டாட் போனால் அதை மட்டும் மாற்றலாம். போர்டு போனால் அது தனியாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கெட்டுப்போகும் விதத்திலும் வித்தியாசம் தெரியும். மெல்லப் பிரியும் வகையில் குழி விழுந்த காண்டாக்ட் முதலில் சரியாகத் தொடாது: பெட்டியைத் தட்டினால் விளக்கு எரியும், விட்டால் அணையும். தாவும் வகையில் இது வெகு தாமதமாக வரும். கீழே விழுந்தால் இரண்டும் ஒன்றுதான். தகடு 0.2 மில்லிமீட்டர் கோணினாலே 20 டிகிரி தள்ளிப்போகும். அப்புறம் இரண்டு புள்ளியில் வைத்தாலும் துணி ஒட்டும்.

மோசமான கோளாறு, காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்வது. பீங்கான் குச்சி உடைந்து விழுந்தாலும் விளைவு இதுவே: விளக்கு அணையவே அணையாது, சூடு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் தெர்மல் ஃபியூஸ் போய்ப் பெட்டி செத்துவிடும். ஃபியூஸ் போவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மல்டிமீட்டரால் கண்டுபிடிக்கலாம். பெட்டி முழுக்க ஆறியதும் பிளக்கின் இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே மின்தடையை அளக்க வேண்டும். 230 வோல்ட், 1000 வாட் பெட்டிக்குத் திருகி நடுவில் இருக்கும்போது சுமார் 53 ஓம் காட்டும். திருகியை ஆஃப் வரை கொண்டுபோனால் தாவும் வகையில் ‘டிக்’ கேட்டு, மீட்டர் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். ஆஃபிலும் 53 காட்டினால் காண்டாக்ட் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஆஃபில் சரியாகத் துண்டித்து, சூடானால் மட்டும் வெட்டாமல் போனால் குச்சியைத் தேட வேண்டும். எல்லா நிலையிலும் இணைப்பே இல்லை என்றால் ஃபியூஸ், எலிமெண்ட், வயர், தொடாமல் நிற்கும் காண்டாக்ட் நான்கில் ஒன்று. ஃபியூஸ்தான் போயிருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது, அதைப் போக்கடித்த தெர்மோஸ்டாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபியூஸுக்குப் பதில் ஒரு வயரை முறுக்கி வைத்தால், அடுத்த முறை காண்டாக்ட் ஒட்டும்போது தடுக்க ஒன்றும் இருக்காது.