இரண்டு நிலையம், ஏழு பேர், ஒரு ரெஸ்ட் கிவர்: மூன்று வார ரோஸ்டரின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எட்டு மணி நேர ஷிப்டில் இயங்கும் ஒரு சிறிய ரயில் நிலையத்துக்கு எத்தனை ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டும்? வாரத்துக்கு 168 மணி நேரம். கன்டினியூவஸ் வகைப்பாட்டில் ஒருவருக்கு ரோஸ்டர் நேரம் வாரம் 48 மணி. வகுத்தால் மூன்றரை பேர். அரை ஆளை எங்கே தேடுவது? அதனால்தான் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டைச் சேர்த்து, தலா மூன்று பேர், மற்றவர்கள் ஓய்வில் இருக்கும்போது அவர்கள் இடத்தைப் பார்க்க இரண்டு நிலையத்துக்கும் பொதுவாக ஒரு ரெஸ்ட் கிவர் என்று ஏழு பேராக வைக்கிறார்கள். கணக்கு மீதமின்றி முடிகிறது. ஆனால் அந்த ஏழாவது ஆளை எந்த ஷிப்டில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலான ரோஸ்டர்கள் சறுக்குகின்றன.

முதலில் சட்டம் கேட்பதைப் பார்த்துவிடலாம். ரயில்வே சட்டம் 1989-இன்படி கன்டினியூவஸ் ஊழியருக்கு ஞாயிறில் தொடங்கும் ஒவ்வொரு வாரத்திலும் தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு வேண்டும். 2005-ஆம் ஆண்டின் பணிநேர, ஓய்வுக்கால விதிகளின்படி இரண்டு டியூட்டிக்கு நடுவே 10 மணிக்குக் குறைந்தால் அது ஷார்ட் ஆஃப். ஒரே டியூட்டி 10 மணியைத் தாண்டினால் லாங் ஆன். இரண்டையும் தவிர்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் கட்டத்தில் 'ரெஸ்ட்' என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் முதல் பிசகு. எண்ண வேண்டியது நாளை அல்ல, மணியை.

இந்தப் பிசகு ரெஸ்ட் கிவர் வரிசையில்தான் அதிகம் தெரியும். 06, 14, 22 என்று சார்ஜ் மாறும் நிலையங்களில் வழக்கமாக அவருக்குப் போடும் வரிசை இது: திங்கள், செவ்வாய் காலை, புதன், வியாழன் மாலை, வெள்ளி, சனி இரவு, ஞாயிறு ரெஸ்ட். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சனி இரவு டியூட்டி முடிவது ஞாயிறு காலை 06:00. அடுத்த டியூட்டி திங்கள் காலை 06:00. நடுவில் 24 மணிதான் இருக்கிறது. ஆறு ஷிப்டையும் எப்படி மாற்றி அடுக்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மாலைக்கு அடுத்த நாள் காலை வைத்தால் 8 மணி. இரவு முடிந்து அன்றே மாலை வைத்தாலும் 8 மணி. இரண்டுமே ஷார்ட் ஆஃப். ஆகவே மூன்று வகை ஷிப்டையும் ஒரே வாரத்தில் அவர் தலையில் கட்டினால், அவருக்குச் சட்டப்படியான ஓய்வு கிடைக்காது. மற்ற ஆறு பேருக்கு ஓய்வு தருபவருக்கே ஓய்வு இல்லாத நிலை இது.

நெடுநாள் ஓடித் தாக்குப்பிடித்த ஏற்பாடு வேறு. ஆட்களைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும்: இரவில் இருப்பவர் மாலைக்கு, மாலைக்காரர் காலைக்கு, காலைக்காரர் இரவுக்கு. ரெஸ்ட் கிவர் ஒரு நிலையத்துக்கு மூன்று நாள், மூன்று நாளும் இரவு மட்டும். இரண்டு நிலையங்களையும் மேற்கு, கிழக்கு என்று வைத்துக்கொண்டால், மேற்கு நிலையத்தின் ஒரு வாரம் இப்படி அமையும் (1, 2, 3 என்பவை நிலையத்து ஆட்கள், ரெ.கி. ரெஸ்ட் கிவர்):

| நாள் | 06–14 | 14–22 | 22–06 |
|---|---|---|---|
| ஞாயிறு | 1 | 2 | 3 |
| திங்கள் | 1 | 2 | ரெ.கி. |
| செவ்வாய் | 1 | 3 | ரெ.கி. |
| புதன் | 2 | 3 | ரெ.கி. |
| வியாழன் முதல் சனி | 2 | 3 | 1 |

மூன்றாமவர் திங்கள் காலை 06:00-க்கு இறங்கி, செவ்வாய் 14:00-க்கு ஏறுகிறார்: 32 மணி. இரண்டாமவர் திங்கள் 22:00 முதல் புதன் 06:00 வரை: அதுவும் 32. முதலாமவர் செவ்வாய் 14:00 முதல் வியாழன் 22:00 வரை: 56 மணி. அடுத்த வாரம் இடங்கள் ஒரு படி நகரும். எந்த வாரத்தை எடுத்தாலும், எந்த ஆளை எடுத்தாலும், ஆறு ஷிப்ட், 48 மணி. தொடர்ந்து நான்கு இரவுக்கு மேல் நிலையத்து ஆள் யாருக்கும் வராது. வியாழன் தொடங்கி ஞாயிறோடு முடிந்துவிடும். மாலையிலும் காலையிலும் மட்டும் ஏழு டியூட்டி தொடர்ச்சியாக வரும். இந்த ஏற்பாட்டில் அது தவிர்க்க முடியாதது.

ரெஸ்ட் கிவரை மாலையில் வைத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், ஓய்வும் 32 மணி வரும். ஆனால் காலையிலிருந்து இரவுக்கு மாறுபவருக்கு நடுவில் ஒரு முழு நாள் கிடைக்காது. திங்கள் 14:00-க்கு இறங்கியவர் செவ்வாய் 22:00-க்கே வந்தாக வேண்டும். அவருக்கு ஒரு வாரம் ஏழு ஷிப்ட், இன்னொரு வாரம் ஐந்து என்று ஏறி இறங்கும். 56, 40 என்று எழுதப்பட்ட ரோஸ்டரை யாரும் மனமொப்பி ஏற்பதில்லை. இரு வாரச் சராசரியும் சில நேரம் 52-ஐத் தொடும். தொடர்ந்து ஏழு இரவும் வந்துவிடும். ஆக இரவு இடத்தை நிரப்புவதுதான் கணக்கைச் சமன் செய்கிறது.

பயன்பாட்டில் உண்மையான பலவீனம் அந்த 32 மணியில் இருக்கிறது. 30-க்கு மேல் கையிருப்பு இரண்டே மணி. அது உடையக்கூடிய நேரம் எப்போதும் ஒன்றுதான்: திங்கள் இரவு. ஞாயிறு ஓய்வு முடிந்து ரெஸ்ட் கிவர் வெளியூரிலிருந்து வருகிறார்; அவர் வரும் பாசஞ்சர் தாமதம்; மாலைக்காரர் சார்ஜ் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். நள்ளிரவு 00:00 தாண்டியதும் அவருடைய வார ஓய்வு 30-க்குக் கீழே போகத் தொடங்கிவிடும். அப்போது செய்ய வேண்டியது எளிது. அவர் 00:40-க்குச் சார்ஜ் கொடுத்தார் என்றால், புதன் காலை 06:40-க்கு அவரை ஏற்றினால் போதும். செவ்வாய் இரவுக்கு வந்த ரெஸ்ட் கிவர் அந்த 40 நிமிடத்தைக் கூடுதலாகப் பார்ப்பார். அவருடைய டியூட்டி 8 மணி 40 நிமிடம், லாங் ஆன் ஆகாது. அடுத்த டியூட்டி புதன் 22:00-க்குத்தான், ஷார்ட் ஆஃபும் இல்லை. இதற்கு ஒரே நிபந்தனை: டைரியில் சார்ஜ் மாறிய உண்மையான நேரத்தை எழுத வேண்டும். எல்லா நாளும் '22:00' என்றே எழுதும் பழக்கம் இருந்தால், ஓய்வு உடைந்ததே யாருக்கும் தெரியாது.

சார்ஜ் மாறும் நேரத்தை ரயில்களைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் லைன் கிளியர் கொடுத்து, பிரைவேட் நம்பர் மாற்றிக்கொண்டு, கிராசிங் நடுவில் இருக்கும்போது ஆள் மாறுவது ஆபத்து. வொர்க்கிங் டைம் டேபிளில் எட்டு மணி இடைவெளியில் மூன்று இடைவேளைகள் சேர்ந்தாற்போல் கிடைக்கும் புள்ளியைத் தேட வேண்டும். 21:55-க்கும் 22:10-க்கும் வண்டி இருந்தால் மூன்று நேரத்தையும் சேர்த்தே நகர்த்துங்கள்: 06:30, 14:30, 22:30 என்று. ஓய்வு மணிகள் அப்படியே இருக்கும். இரவு மாற்றத்தை மட்டும் 23:00-க்குத் தள்ளினால், மாலை ஒன்பது மணி, இரவு ஏழு மணி ஆகிவிடும். மாலை வாரத்தில் இருப்பவர் 52 மணி வேலை பார்ப்பார், காலைக்கு மாறுபவரின் ஓய்வு 31-ஆகச் சுருங்கும். 00, 08, 16 என்று வைக்கும் நிலையங்களும் உண்டு. இரவு என்று கணக்கிடப்படுவது 22:00 முதல் 06:00 வரை. அந்த அமைப்பில் ஒவ்வோர் இரவும் இரண்டு பேரின் தூக்கம் வெட்டுப்படும். 22:00-ஐ ஒட்டி வைத்தால் கிட்டத்தட்ட ஒருவருடையதோடு போகும்.

இனி ரெஸ்ட் கிவர் பக்கம். மேற்கில் திங்கள், செவ்வாய், புதன். கிழக்கில் வியாழன், வெள்ளி, சனி. கிழக்கின் அட்டவணை இதே அச்சுதான், மூன்று நாள் தள்ளி. சனி இரவு முடிந்து ஞாயிறு 06:00-க்கு இறங்குபவர் திங்கள் 22:00-க்கு ஏறுகிறார். 40 மணி ஓய்வு. விதிப்படி சரி. ஆனால் வாரம் ஆறு இரவு, மாதக்கணக்கில், ஒரே மனிதர். இது நியாயமில்லை. நிலையத்து ஆறு பேரின் நிம்மதிக்கான விலையை ஒருவர் கொடுக்கக் கூடாது. அதனால் மூன்று வாரச் சுற்று முடியும்போதெல்லாம் ரெஸ்ட் கிவர் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றத்துக்குச் சரியான நேரம் வியாழன் 22:00. அந்த நேரத்தில் மேற்கின் முதலாமவர் 56 மணி ஓய்வு முடிந்து இரவுக்கு ஏற வேண்டும். ரெஸ்ட் கிவர் கிழக்கில் இரவுக்கு ஏற வேண்டும். இருவரும் நிலையத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். முதலாமவர் கிழக்கில் மூன்று இரவு பார்த்து ஞாயிறு ஓய்வுக்குப் போவார். பழைய ரெஸ்ட் கிவர் மேற்கிலேயே ஞாயிறு இரவு வரை இருந்து, திங்கள் 06:00-க்கு இறங்கி, செவ்வாய் 14:00-க்கு மாலைக்கு வருவார். அவருக்கு அந்த ஒரு தடவை மட்டும் ஏழு இரவு. வேறு நாளில் மாற்றினால் பெரும்பாலும் யாராவது ஒருவருக்கு ஓய்வு அறுந்துபோகும். மாறுபவர் கிழக்கு நிலையத்தைக் கற்று, அதன் ஸ்டேஷன் வொர்க்கிங் ரூல்ஸுக்கு அஷூரன்ஸ் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் வியாழன் இரவு அவரை அனுப்பினால் பேனலில் உட்காரவே முடியாது.

சரிபார்க்க ஒரு விரிதாள் போதும். ஆளுக்கு ஒரு தாள். B-இல் டியூட்டி தொடக்கம், C-இல் முடிவு, இரண்டும் தேதியோடு சேர்ந்து. வெறும் நேரத்தை மட்டும் இட்டால் 22:00 முதல் 06:00 வரை என்பது எதிர்மறையாக வரும்.

```
D3: =ROUND((B3-C2)*24,2)
E3: =IF(D3<10,"SHORT OFF",IF(D3>=30,"REST",""))
```

ROUND வேண்டும், இல்லாவிட்டால் சரியாக 30 மணி வரும் இடத்தில் 29.9999 என்று கணக்காகி ஓய்வு விடுபட்டுப்போகும். மாதத்துக்கு ஒரு தாள் தொடங்குபவர்கள், முந்தைய மாதத்தின் கடைசி ஏழு வரிகளைப் புதிய தாளின் மேலே ஒட்டிக்கொள்ள வேண்டும். மாதம் முடிந்து பிறக்கும் இடத்தில்தான் அறுந்த ஓய்வுகள் ஒளிந்துகொள்கின்றன.

விடுப்பை இந்த ரோஸ்டர் தாங்காது. ஏழு பேரில் ஒருவர் விடுப்பில் போனால் லீவ் ரிசர்வ் ஆள் வர வேண்டும். ரெஸ்ட் கிவரை இழுத்து விடுப்பு இடத்தில் போட்டால், விடுப்பில் இருப்பவரின் நிலையம் ஓடும், ஆனால் இரண்டு நிலையத்திலும் மற்றவர்களின் வார ஓய்வு அந்த வாரம் போய்விடும். மீதமுள்ள இருவரைப் பன்னிரண்டு மணியாக ஓட்டினாலோ தினமும் லாங் ஆன். இப்படி நேர்ந்த ஒவ்வொரு வாரத்தையும் ஈட்டு ஓய்வுக் கணக்கில் பெயரோடு குறித்து, லீவ் ரிசர்வ் வந்ததும் முதல் வேலையாக அதைத் தீர்க்க வேண்டும். அந்தக் கணக்கு அடுத்த மூன்று வாரச் சுற்றுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது ரோஸ்டர் போடுபவரின் பொறுப்பு.