வெனிலா சிரப்பா, கேரமல் சிரப்பா? காசு போவது நுரையில்

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு ஒரு கேரமல் கோப்பிக்காக ஈப்போவரை வண்டி ஓட்ட முடியுமா? அதனால் போன மாதம் இரண்டு சிரப்பையும் வீட்டிலேயே காய்ச்சிப் பார்த்தேன்.

வெனிலா சுலபம். 200 கிராம் சீனி, 200 மில்லி தண்ணீர், சீனி கரைந்ததும் அடுப்பை அணைத்து, சூடு ஆறிய பிறகு ஒரு தேக்கரண்டி எசென்ஸ். கொதிக்கும்போதே ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும், முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. சீனிக்கு அறுபது காசு, எசென்ஸுக்கு ஐம்பது. கிடைக்கும் 320 மில்லியில், கோப்பைக்கு 20 மில்லி என்றால் பதினாறு கோப்பை, அதாவது ஒன்றுக்கு ஏழு காசு.

கேரமலுக்கு எசென்ஸ் வேண்டாம், கண்தான் வேண்டும். அதே 200 கிராம் சீனியைத் தண்ணீர் இல்லாமல் சின்னத் தீயில் உருக்கி, நல்ல தே-ஓ நிறம் வந்த நொடியில் அடுப்பை அணைத்து, 150 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சீறித் தெறிக்கும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். புகை வந்துவிட்டால் கசப்புதான், கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். உருகும்போது சீனியின் இனிப்பு குறைவதால் கோப்பைக்கு 25 மில்லி தேவைப்படும், கணக்குப் பார்த்தால் ஆறு காசு. ஆக விலையில் வித்தியாசமே இல்லை.

ருசியில் இருக்கிறது. நம் ஊர்க் கோப்பித்தூள் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, அதில் கருகிய சீனி வாசம் ஏற்கெனவே உண்டு, கேரமலை ஊற்றினால் எங்கே போனதென்றே தெரியாது. கோப்பி-ஓ தூளுக்கு வெனிலாதான். சீனி சேர்க்காமல் வறுத்த அராபிகா இருந்தால் கேரமல் எடுபடும்.

கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில், குளிர்பெட்டியில், வெனிலா மூன்று வாரம், கேரமல் ஒரு மாதம் தாங்கும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்றாலோ, அடியில் கலங்கலாக நூல் ஓடினாலோ புளித்துவிட்டது என்று அர்த்தம். வெளியே வைத்தால் நம் வெக்கைக்குச் சில நாளிலேயே இது நடக்கும்.

அப்புறம் அந்த நுரை. 40 மில்லி பால், 20 மில்லி விப்பிங் கிரீம், ஒரு கரண்டி சிரப், பேட்டரியில் சுழலும் சின்ன மத்தால் அரை நிமிடம். எங்கள் கடை விலைக்கு இதுவே ஒரு வெள்ளிக்கு மேல், சிரப்பைப்போல் பதினைந்து மடங்கு! அதோடு பிரித்த கிரீம் நான்கைந்து நாள்தான், நீங்கள் ஒருவர் மட்டும் குடிப்பவர் என்றால் பாதிக்கு மேல் வீண். கொழுப்பு குறைந்த பால் 60 மில்லி மட்டும் போட்டால் ஐம்பது காசுக்குள் முடியும், நன்றாகப் பொங்கவும் செய்யும், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அமுங்கிவிடும். பால் குளிர்பெட்டியிலிருந்து நேராக வர வேண்டும். பேசிக்கொண்டே மேசையில் விட்ட பாலை அடித்தேன், குமிழிகள் பெரிதாக எழும்பி அப்படியே உடைந்தன. நான் தினமும் பால் நுரை, அண்ணி வீட்டுக்காரர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கிரீம்.