கோடையைத் தாண்டும் டோனர்: பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையிலிருந்து

எங்கள் தொழிலில் டோனர் மொத்தமாக வாங்கும் மாதமும் வெயில் ஏறும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. வைகாசி, ஆனியில் பள்ளி, கல்லூரி அட்மிஷன். சாதிச் சான்று, மாற்றுச் சான்று, ஆதார் என்று நகல் எடுக்க வரிசை நிற்கும். அதற்காகப் பங்குனியிலேயே பெட்டிகளை வாங்கி அடுக்குகிறோம். அந்தப் பெட்டிகள் அக்னி நட்சத்திரம் முழுவதையும் கடையிலேயே கழிக்கின்றன. பாளையங்கோட்டையில் வெளியே 40 டிகிரி என்றால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் மதியம் 45-ஐத் தாண்டும். சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அங்கே வைத்துப் பார்த்தால் தெரியும். அதே நேரத்தில் கிழக்குச் சுவரோரம் நிற்கும் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் 33, 34தான் காட்டும். ஒரே அறைக்குள் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

இது ஏன் முக்கியம் என்றால், டோனர் என்பது மை இல்லை, பிளாஸ்டிக் தூள். ரெசினும் மெழுகும் கார்பனும் கலந்த, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத துகள்கள். பிரிண்டரின் பியூசரில் 180 டிகிரிக்குப் பக்கத்தில் உருகித் தாளில் ஒட்டுவதற்காகச் செய்தவை. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே, 55, 60 டிகிரியிலேயே அந்த ரெசின் இளகத் தொடங்கிவிடும். 45-இல் வாரக்கணக்கில் கிடந்தால், அதுவும் மேலிருந்து பாரம் அழுத்திக்கொண்டிருந்தால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஈரம் பட்ட கோலப்பொடி மாதிரி கட்டி தட்டிவிடும். பெரும்பாலான கம்பெனிகள் 35 முதல் 40 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று பெட்டியிலோ கையேட்டிலோ போடுவது இதனால்தான்.

பாரம் என்று சொன்னேனே, அங்கேதான் பெட்டியை வைக்கும் விதம் வருகிறது. எச்பி 12ஏ போன்ற கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ ஓரடி நீளம். படுக்க வைத்தால் தூள் அந்த நீளம் முழுக்கப் பரவிச் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் கிடக்கும். இடம் அடைக்கிறது என்று நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மொத்தத் தூளும் ஒரு மூலையில் போய்க் குவியும், அடியில் இருப்பதன் மேல் முழுப் பாரமும் இறங்கும். வெயிலையும் நிறுத்தி வைப்பதையும் தனித்தனிக் குறையாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் சேரும்போதுதான் கட்டி விழுகிறது. படுக்க வைத்த பெட்டி அதே பரணில் தப்பித்துவிடுவதும் உண்டு.

அம்பாசமுத்திரத்தில் என் சித்தப்பா பையன் கடை வைத்திருக்கிறான். போன கோடையில் அவன் பரணில் நிறுத்தி வைத்திருந்த 12ஏ ஒன்றை அட்மிஷன் நேரத்தில் எடுத்துப் போட்டான். மதியம் போன் வந்தது. “அண்ணே, புது கார்ட்ரிட்ஜ். இடப்பக்கம் பூரா வெளுத்து வருது, நடுவுல ஒரு வெள்ளக் கோடு. அது போக சாம்பல் பட்டையா வேற விழுது. திருப்பிக் குடுத்துரவா?”

மூன்றும் மூன்று கோளாறு. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கச் சொன்னேன்.

முதலில் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, படுக்கை நிலையிலேயே இடமும் வலமுமாக ஐந்தாறு முறை மெதுவாகச் சாய்க்க வேண்டும். குலுக்கக் கூடாது. அப்படிச் செய்து மறுபடி போட்டதும் இடப்பக்க வெளுப்பு போய்விட்டது. அது வெறும் நிறுத்தி வைத்த கோளாறு, தூள் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது, அவ்வளவுதான். இந்தச் சாய்ப்பை, தூள் தொட்டியை அடைத்திருக்கும் சீல் டேப்பை இழுப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

நடுவிலிருந்த வெள்ளைக் கோடு மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, அசையாமல் அதே இடத்தில் நின்றது. காதருகே வைத்துச் சாய்த்துப் பார் என்றேன். நல்ல தூள் சத்தமே இல்லாமல் சரியும். இதில் ‘தொப்பு தொப்பு’ என்று கேட்டதாம். கட்டிதான். இளசாக இருந்தால் உள்ளே சுற்றும் துடுப்பு பத்து இருபது தாளுக்குள் உடைத்துவிடும். அவனுக்கு உடையவில்லை. ரீஃபில் செய்பவர் தொட்டியைத் திறந்தபோது மிளகளவு உருண்டைகள் விழுந்தன. அதை நசுக்கிச் சலித்துத் திரும்பப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். ஒட்டித் தடித்த துகள் பிளேடில் மாட்டினால், எழுத்தைத் தாளுக்கு மாற்றும் உருளையான டிரம்மையே கீறிவிடும். தொட்டியைக் காலி செய்து புதுத் தூள் போட்டுக்கொண்டான்.

சாம்பல் பட்டை வேறு கதை. தாளில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். பட்டைக்குப் பட்டை 75 மில்லிமீட்டர். 12ஏ டிரம்மின் சுற்றளவு அதுதான், எனவே டிரம்மின் ஒரே இடம்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறது. விசாரித்தால், பை பிரித்த கார்ட்ரிட்ஜைக் கண்ணாடிக் கவுன்டர் மேல் மூடி திறந்தபடி வைத்துவிட்டு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பச்சை, நீல டிரம்மின் மேல்பூச்சு வெளிச்சத்தை உணரும் பொருள். கடை டியூப்லைட்டே ஐந்து நிமிடத்துக்கு மேல் படக் கூடாது. வெளிச்சம் தின்ற பகுதி மின்னேற்றத்தைப் பிடித்து வைக்காது, அதனால் அங்கே வேண்டாத தூள் ஒட்டிச் சாம்பலாக விழும். டியூப்லைட் பட்டதென்றால் பிரிண்டருக்குள்ளேயே இருட்டில் ராத்திரி முழுக்க விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். அவனுக்கு மறுநாள் காலையில் பட்டை மறைந்திருந்தது. நேர் வெயில் பட்டிருந்தால் அப்படித் தேறாது. டிரம் மாற்ற வேண்டியதுதான்.

ஆக, திருப்பிக் கொடுத்திருந்தால் கடைக்காரர் வாங்கியிருக்க மாட்டார். வாங்காததும் நியாயம்தான்.

காலாவதி பற்றிக் கேட்பவர்களுக்கு: பிரிக்காத லேசர் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு வருடம் என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பல பெட்டிகளில் தயாரித்த தேதி மட்டும்தான் இருக்கும். அந்தக் கணக்கெல்லாம் நிழலில் படுத்திருக்கும் பெட்டிக்குத்தான், பரணுக்கு இல்லை. நான் வாங்கிய மாதத்தைப் பெட்டியின் நெற்றியில் மார்க்கரில் எழுதிவிடுவேன். பழையது முன்னால், புதியது பின்னால். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜை மட்டும் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அதில் பெரும்பாலும் சீல் டேப் இருக்காது, தூள் ரோலர் வரை வந்து நிற்கும், சாய்ந்தால் கசியும். கறுப்புப் பையில் சுற்றிப் படுக்க வைத்து, ஓரிரு மாதத்தில் ஓட்டிவிடுகிறேன்.

பிரிட்ஜில் வைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றில் வியர்த்துவிடும், தூளுக்கு ஈரம் ஆகாது. ஏசி அறையிலிருந்து எடுத்தாலும் பை பிரிக்காமல் இரண்டு மணி நேரம் கடைச் சூட்டுக்குப் பழக விடுங்கள். கூரியர் வண்டியில் வெந்து வந்த பெட்டிக்கும் அதேதான். ஐப்பசி, கார்த்திகையில் பீரோ கீழ்த்தட்டே ஓதம் அடிக்கும். அப்போது பெட்டிகளுக்கு அடியில் ஒரு பலகை போட்டு, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கிறேன்.

இங்க் பாட்டிலுக்கு வேறு சட்டம். அதை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், மூடியின் உள் சீலைக் கிழிக்காமல். பெட்டியில் போட்ட தேதியை மதிக்கவும் வேண்டும், ஏனென்றால் இங்க்கில் தண்ணீர் இருக்கிறது, அது பிளாஸ்டிக் வழியாகக்கூட மெல்ல வற்றும். திறந்த பாட்டிலை ஆறு மாதத்துக்கு மேல் நான் நம்புவதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் அலமாரியில் மட்டும் டோனரையோ இங்க்கையோ வைத்துவிடாதீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் அங்கே கை வைத்துப் பாருங்கள், பரணுக்குச் சளைத்த சூடில்லை.