16 பிட் ஒப்பீடு: 7485 சிப்புகளைத் தொடராகக் கோப்பதா, மரமாகக் கோப்பதா?

இரண்டு எண்களில் எது பெரியது என்று பார்க்கும்போது நாம் இடதுபக்க இலக்கத்திலிருந்துதான் தொடங்குகிறோம். நான்கு பிட் கம்பேரட்டரும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு பிட் ஜோடிக்கும் ஒரு எக்ஸ்நார் கேட், இரண்டும் சமமா என்று சொல்லும் (x). மேலே உள்ளவை எல்லாம் சமமாக இருந்தால்தான் கீழ் பிட்டின் பேச்சு எடுபடும்.

```
A>B = A3·B3' + x3·A2·B2' + x3·x2·A1·B1'
      + x3·x2·x1·A0·B0'
```

1011, 1001 இரண்டையும் கொடுத்தால் x3, x2 இரண்டும் 1. மூன்றாவது உறுப்பில் A1=1, B1=0 என்பதால் A>B வந்துவிடும்.

இதே சுற்றை ஒரே சிப்பில் அடக்கியதுதான் 7485. கீழ் சிப்பின் முடிவை வாங்கிக்கொள்ள இதில் மூன்று கேஸ்கேட் உள்ளீடுகள் உண்டு. 16 பிட்டுக்கு நான்கு சிப்புகளைத் தொடராகக் கோப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. ஆனால் மேல் 12 பிட்டும் சமமாக இருந்துவிட்டால், முடிவு கடைசி சிப்பிலிருந்து படிப்படியாக ஏறி வர வேண்டும். எல்எஸ் வகையில் அந்தச் சிப்புக்குச் சுமார் 24 நானோநொடி, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 14. மொத்தம் 66.

மரமாகக் கோத்தாலும் நான்கே சிப் போதும். பலருக்கு இது தெரிவதில்லை. முதல் அடுக்கின் மூன்று சிப்புகளிலும் A=B உள்ளீட்டைத் தரையில் கட்டிவிட்டு, A>B உள்ளீட்டில் A-யின் ஒரு பிட்டையும் A<B உள்ளீட்டில் B-யின் பிட்டையும் கொடுங்கள். அது அந்தச் சிப்பின் கடைசி, ஐந்தாவது பிட்டாகிவிடும். மூன்று சிப்பில் 15 பிட். அவற்றின் A>B, A<B வெளியீடுகள் நான்காவது சிப்பின் மேல் மூன்று ஜோடிகளுக்குப் போகும்; மீதமுள்ள பிட் 0 நேராக A0, B0-க்கு.

40001, 40000 இரண்டையும் வைத்துப் பாருங்கள். மூன்று தொகுதிகளுமே சமம். மேலிருந்து முதல் இரண்டில் ஐந்தாவது பிட் 1 என்பதால் இரு வெளியீடும் 0. மூன்றாவதில் அது 0 என்பதால் இரு வெளியீடும் 1. சமமான தொகுதியில் இரண்டும் 1 என்று வருவது தவறுபோலத் தெரியும். ஆனால் மேல் சிப்புக்கு 0,0 என்றாலும் 1,1 என்றாலும் சமம்தான். பிட் 0 முடிவைச் சொல்லிவிடும். நேரம் 24+24, அதாவது 48.

அதனால் 16 பிட்டுக்கு நான் மரத்தைத்தான் எடுப்பேன். 24 பிட்டுக்கு இரண்டு முறைக்கும் ஆறு சிப். தொடர் 94-க்குப் போய்விடும், மரம் 48-லேயே நிற்கும். 8 பிட்டுக்கு இரண்டு சிப் தொடரே போதும். தொடரில் இன்னொரு வசதி, நடுவில் எங்கே புரோப் வைத்தாலும் வரும் விடைக்குப் பொருள் இருக்கும்.

எந்த முறையானாலும், தொடரின் கடைநிலைச் சிப்பிலும் 16 பிட் மரத்தின் உச்சிச் சிப்பிலும் A=B உள்ளீட்டை (3-ஆம் பின்) மேல்நிலையிலும் மற்ற இரண்டைத் தரையிலும் கட்ட வேண்டும். சம எண்கள் கொடுத்ததும் இறுதி வெளியீட்டில் A>B, A<B இரண்டு எல்இடியும் சேர்ந்து எரிந்தால், அந்த மூன்றையும் தரையில் கட்டிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.